எட்டாயிரம் சொல், திங்கட்கிழமை காலை: ஒரு பிரெஞ்சு அறிக்கைக்கு விலை வைத்த விவரம்

வியாழக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். ஹட்டனில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொட்டகலையிலிருந்து தங்கச்சி அழைத்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. கண்டி அலியான்ஸ் பிரான்சேயில் பிரெஞ்சு படித்துவிட்டு, இரண்டு வருடமாக வீட்டிலிருந்தபடியே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து வருகிறாள். அதே வேலையை அவளுக்குப் பல வருடம் முன்பே தொடங்கியவன் என்பதால் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பாள்.

“அண்ணே, லியோன்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்து வேலை வந்திருக்கு. எட்டாயிரம் சொல்லாம். திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வேணுமாம். சொல்லுக்கு எவ்வளவுன்னு கேக்குறாங்க. எப்பவும் போல எட்டு சதம்னு போட்டுடவா?”

எட்டு சதம் என்றால் 0.08 யூரோ. எட்டாயிரம் சொல்லுக்கு 640 யூரோ. பதிலைப் பாதி எழுதியும் வைத்திருந்தாள்.

“பொறும்மா. ஃபைல் என்ன, அதைச் சொல்லு முதல்ல.”

“முப்பத்தொரு பக்கம். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். ஏதோ கட்டடத்துல தண்ணி கசியுற கேஸ்ல நீதிமன்ற நிபுணர் எழுதின அறிக்கை.”

அந்தப் பதிலை அவள் அனுப்பவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அவள் அனுப்பிய விலை வேறு, தேதி வேறு. இரண்டுக்கும் இடையிலான பதினாறு மணி நேரத்தில் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். வாடிக்கையாளர் சொன்ன சொல் எண்ணிக்கை, நாம் மனதில் வைத்திருக்கும் வழக்கமான விலை, அவர் கேட்ட நாள் ஆகிய மூன்றையுமே நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணிக்கை

ஸ்கேன் செய்த பக்கம் படம்தான். அதற்குள் சொல் இல்லை. எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளில் போட்டு வேர்டுக்கு மாற்றினோம். வேர்ட் 11,460 என்றது. வாடிக்கையாளர் சொன்னது 8,000. இரண்டையும் நம்ப முடியாது.

வேர்ட் ஏன் கூடுதலாகக் காட்டியது என்று பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், பக்க எண் என்று பதினாலு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சாதாரண வேர்ட் ஃபைலில் இது தலைப்பகுதியில் இருக்கும், எண்ணிக்கையில் சேராது. ஸ்கேனிலிருந்து வரும்போது உடலோடு ஒட்டிக்கொண்டு விடும். முப்பத்தொரு பக்கத்துக்கு 434 சொல் இதிலேயே போய்விட்டது. வரி முடிவில் உடைந்த சொற்கள் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. இலக்கங்களிலும் இதே சிக்கல். ஆயிரத்து இருநூற்றைம்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 1 250,00 என்று நடுவில் இடம் விட்டு எழுதுவார்கள். அந்த இடைவெளி சாதாரண இடைவெளியாக இருந்தால் வேர்டுக்கு அது இரண்டு சொல். முக்காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் இடம் விடுவதும் அவர்கள் வழக்கம். அங்கேயும் சாதாரண இடைவெளி விழுந்திருந்தால் அந்தக் குறியே தனிச் சொல்லாகக் கணக்கில் ஏறும்.

ஆகவே கையால் எண்ணினோம். முழுவதையும் இல்லை. முதல் 22 பக்கம் தொடர்ச்சியான உரைநடை. 23 முதல் 27 வரை பழுது பார்க்கும் செலவு அட்டவணைகள். கடைசி நாலு பக்கம் படங்களும் கீழே குறிப்புகளும். உரைநடையில் மூன்று பக்கத்தை வரி வரியாக எண்ணியதில் 392, 418, 405 வந்தது. சராசரி 405. இருபத்திரண்டு பக்கத்துக்கு 8,910. அட்டவணை பக்கத்துக்கு 180 வீதம் 900. படப் பக்கம் 45 வீதம் 180. ஆக மொத்தம் 9,990.

அந்த எட்டாயிரம் எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது. அலுவலக உதவியாளர் பின்னிணைப்புகளை விட்டுவிட்டு, பக்கத்துக்கு முந்நூற்றைம்பது என்று கண்ணளவில் போட்டு, எட்டாயிரமாக முழுமைப்படுத்தியிருக்கிறார். ஏமாற்ற நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் அதை நம்பி விலை சொல்லியிருந்தால் இரண்டாயிரம் சொல் சும்மா போயிருக்கும்.

இன்னொன்றையும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். எண்ணுவது மூலத்தையா, மொழிபெயர்ப்பையா? பிரெஞ்சு ஆங்கிலமானால் சுருங்கும். ‘லே ரப்போர் தெ லெக்ஸ்பேர்’ என்பது வேர்டின் கணக்கில் நாலு சொல். ஆங்கிலத்தில் ‘த எக்ஸ்பர்ட்ஸ் ரிப்போர்ட்’, மூன்று சொல். இந்த மாதிரியான உரையில் நூறுக்குப் பன்னிரண்டு குறையும் என்று வைத்துக்கொண்டேன். பத்தாயிரம் பிரெஞ்சுச் சொல் 8,800 ஆங்கிலச் சொல்லாகும். விலையை மாற்றாமல் ஆங்கிலத்தை எண்ணிப் பணம் வாங்கினால் வருமானத்தில் பன்னிரண்டு சதவீதம் போய்விடும். மூலத்தில் 11 சதம் வாங்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 12.5 சதம் வாங்கினால்தான் சமம்.

நான் மூலத்தையே எண்ணுவேன். வேலை தொடங்கும் முன்பே மொத்தத் தொகை இரு தரப்புக்கும் தெரிந்துவிடும். எந்த மென்பொருளால் எண்ணினோம் என்றும் எழுதிவிடுவேன். மேலே சொன்ன ‘லெக்ஸ்பேர்’ நடுவில் மேற்கோள் குறி போட்டு எழுதும் சொல். வேர்ட் அதை ஒன்றாக எண்ணும், சில மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இரண்டாக எண்ணும். பிரெஞ்சில் இது வரிக்கு வரி வரும்.

கடினத்தைக் கடிகாரத்தில் பார்ப்பது

“கஷ்டமான டெக்ஸ்ட்னா இருபத்தஞ்சு சதவீதம் கூட்டணும்னு சொல்றாங்களே அண்ணே, அப்படிப் போடலாமா?”

இந்த இருபத்தைந்து சதவீதத்தோடு எனக்குப் பல வருடச் சண்டை. யாருடைய இருபத்தைந்து? கட்டடச் சட்டம் தெரிந்தவருக்கு இந்த அறிக்கை சாதாரணம். தெரியாதவருக்கு விலையை இரண்டு மடங்காக்கினாலும் கட்டுப்படியாகாது. ஒரு உரை எவ்வளவு கடினம் என்பது அதை மொழிபெயர்க்கும் ஆளையும் பொறுத்தது. அதனால் அந்த ஆளே, அந்த உரையிலேயே நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

அவளை மூன்று இடத்திலிருந்து 150 சொல் வீதம் மொழிபெயர்க்கச் சொன்னேன். போனில் நேரம் வைத்துக்கொண்டாள். சொற்களைத் தேடும் நேரமும் அதற்குள்தான்.

மூன்றாம் பக்கம் வழக்கின் நடைமுறை வரலாறு. எந்தத் தேதியில் யார் யாருக்கு அழைப்பாணை அனுப்பினார், நீதிமன்றம் எப்போது நிபுணரை நியமித்தது என்ற வழக்கமான வாக்கியங்கள். இருபது நிமிடத்தில் முடித்தாள். மணிக்கு 450 சொல்.

பதினாலாம் பக்கம் நிலவறைச் சுவரைப் பற்றியது. அதற்கு ஐம்பது நிமிடம் ஆனது. மணிக்கு 180 சொல்தான். ‘குவ்லாஜ்’ என்று ஒரு சொல். அகராதியைப் பார்த்து ‘லைனிங்’ என்று எழுதியிருந்தாள். நிலத்தடி நீர் உள்ளே புகாமல் நிலவறையைத் தொட்டி போல் அடைக்கும் வேலை அது. பிரான்சில் அதற்கென்றே டிடியூ 14.1 என்று தனி தர விதி இருக்கிறது. ஆங்கிலக் கட்டடக்காரர்கள் ‘டாங்கிங்’ என்பார்கள். ‘தெஸோர்த்ர்’ என்று பக்கம் முழுக்க வருகிறது. பார்வைக்கு ‘டிஸ்ஆர்டர்’ போல இருந்தாலும் கட்டட வழக்கில் அதற்குப் பொருள் ‘டிஃபெக்ட்’. ‘ரெசெப்சியோன்’ வரவேற்பு இல்லை, முடிந்த வேலையைக் கட்டடச் சொந்தக்காரர் ஏற்றுக்கொள்ளும் செயல். ‘சப்பித்தேர்’ என்று இன்னொருவர் வருகிறார். நீதிமன்ற நிபுணர் தனக்குத் தெரியாத ஒரு துறைக்காகத் துணைக்கு அழைக்கும் வேறொரு நிபுணர் அவர். ஆங்கிலச் சட்டத்தில் நேரான பெயர் இல்லை, விளக்கித்தான் எழுத வேண்டும்.

பத்தொன்பதாம் பக்கம் யார் பொறுப்பு என்ற ஆய்வு. 36 நிமிடம், மணிக்கு 250. அதில் ஒரே வாக்கியத்துக்கு ஒன்பது நிமிடம் போனது. கட்டடம் ‘அம்ப்ரோப்ர் அ ஸா தெஸ்தினசியோன்’ ஆகிவிட்டது என்று நிபுணர் எழுதியிருந்தார். ‘தெஸ்தினசியோன்’ இங்கே போய்ச் சேரும் இடமில்லை, அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயன். பிரெஞ்சுக் குடியியல் சட்டம் 1792ஆம் பிரிவின் வாசகம் அப்படியே இங்கே வந்திருக்கிறது. இந்த வார்த்தை பொருந்தினால் கட்டியவர் பத்து வருடப் பொறுப்புக்குள் வருகிறார். ‘பயன்படுத்தச் சிரமமாக இருக்கிறது’ என்ற தொனியில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் வழக்கின் உயிரே போய்விடும். ‘அன்ஃபிட் ஃபார் இட்ஸ் இன்டெண்டட் பர்பஸ்’ என்று முடிவு செய்தோம்.

இனிக் கணக்குப் போட்டோம். நடைமுறை வரலாறு 6 பக்கம், 2,430 சொல், மணிக்கு 450 வீதம் 5.4 மணி நேரம். தொழில்நுட்பப் பகுதி 10 பக்கம், 4,050 சொல். மணிக்கு 180 வீதம் போட்டால் 22.5 மணி. ஆனால் சொற்கள் ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் வேகம் கூடும், அதனால் மணிக்கு 225 வீதம் 18 மணி என்று எடுத்துக்கொண்டோம். பொறுப்பு ஆய்வு 6 பக்கம், 2,430 சொல், 9.7 மணி. இந்த மூன்றும் சேர்ந்து 33. அட்டவணைகளைத் திரும்பக் கட்டி எழுத 4 மணி, படக் குறிப்புகளுக்கு 1. முழுவதையும் மூலத்தோடு ஒப்பிட்டு அவளே திருத்த, மணிக்கு ஆயிரம் சொல் வீதம், 10. கடிதப் போக்குவரத்துக்கும் கேள்விகளுக்கும் 2. எல்லாம் சேர்ந்து 50 மணி நேரம்.

மணிக்கு 20 யூரோ கையில் நிற்க வேண்டும் என்பது அவள் தனக்கு வைத்திருக்கும் அளவு. அப்படியானால் 1,000 யூரோ. இதில் இரண்டு செலவு சேரவில்லை. நம் தாய்மொழி தமிழ். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தையே மூச்சாகக் கொண்ட ஒருவர் கடைசியில் படிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், அதற்குக் காசும் ஒதுக்குவேன். இங்கிலாந்தில் சட்ட அலுவலகத்தில் பல வருடம் இருந்துவிட்டுப் பண்டாரவளைக்குத் திரும்பிய அக்கா ஒருவர் எங்கள் இருவருக்கும் படித்துத் தருகிறார். ஆங்கிலச் சொல்லுக்கு 2 சதம், 8,800 சொல்லுக்கு 176 யூரோ. அப்புறம் வங்கி. ஐரோப்பாவுக்குள் இருக்கும் மலிவான பணமாற்று முறை இலங்கைக்கு வராது, ஸ்விஃப்ட்டில்தான் வரும், வழியில் பிடித்தமும் இருக்கும். அதற்கு 23 யூரோ ஒதுக்கினோம். 1,199 ஆயிற்று.

இதை 9,990 சொல்லால் வகுத்தால் சொல்லுக்கு 12 சதம். வழக்கமான எட்டோடு எத்தனை சதவீதம் கூட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. மணியிலிருந்து இந்த விலை தானாக வந்தது.

திங்கட்கிழமை எதற்கு?

வியாழன் இரவிலிருந்து திங்கள் காலை பாரிஸ் நேரம் ஒன்பது மணி வரை. நவம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், ஆக நமக்கு மத்தியானம் ஒன்றரை. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டால் வித்தியாசம் மூன்றரை மணிதான். அதனால் தவணை எழுதும்போது ‘பாரிஸ் நேரம்’ என்று சேர்க்காமல் நான் விடுவதே இல்லை.

மூன்றரை நாளில் ஐம்பது மணி வேலை என்றால் ஒரு நாளைக்குப் பதினாலு மணிக்கு மேல். அதுவும் மழைக்காலத்தில் கொட்டகலையில். மரம் விழுந்தால் மின்சாரம் போகும். போன் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் சிக்னலும் போகும். அவள் வீட்டில் அரை நாள் இரண்டும் இல்லாமல் போவது இந்த மாதங்களில் சாதாரணம். அவசரக் கட்டணம் என்று இரட்டிப்புப் பணம் வாங்கினாலும் ஒரு நாளில் மணி கூடாது. பதினோராவது மணியில் ‘அம்ப்ரோப்ர்’ போன்ற சொல்லைக் கண் தாண்டிப் போகும்.

அதனால் விலைக்கு முன்னால் ஒரு கேள்வியை அனுப்பச் சொன்னேன். இரவு எட்டரை என்றால் லியோனில் மாலை நாலு மணி, அலுவலகம் திறந்திருக்கும். “திங்கட்கிழமை இந்த ஆவணத்தை யார், எதற்காகப் படிக்கப் போகிறார்கள்?” இவ்வளவுதான் அவள் எழுதியது.

ஒன்பதேகாலுக்குப் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை லண்டனில் இருக்கும் காப்பீட்டு நிறுவனத்தோடு கூட்டம். அவர்கள் பார்க்கப் போவது யார் பொறுப்பு என்ற ஆய்வையும் செலவு அட்டவணைகளையும்தான். மீதி கோப்பில் சேர்ப்பதற்கு.

அப்படியானால் திங்களுக்கு வேண்டியது 17 முதல் 27 வரை பதினொரு பக்கம், 3,330 சொல். மொழிபெயர்ப்பு 9.7 மணி, அட்டவணை 4, திருத்தம் 3.3. பதினேழு மணி. இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. முடிவுரையை முதலில் மொழிபெயர்க்க வேண்டுமானால் அதற்கு முந்தைய பத்துப் பக்கத் தொழில்நுட்பப் பகுதியை முழுக்கப் படித்து, சொற்களை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் திங்கள் அனுப்பியதில் ஒரு சொல், பிறகு அனுப்பியதில் வேறொரு சொல் என்று ஆகும். அந்தப் படிப்புக்கு மூன்று மணி. இருபது மணி வேலை. வெள்ளி மாலை நாலு, சனி பத்து, ஞாயிறு மத்தியானம் வரை ஆறு. ஞாயிறு மாலை பண்டாரவளை அக்கா படிப்பார். திங்கள் காலை திருத்தங்களைச் சேர்க்கலாம். மின்சாரம் நாலு மணி நேரம் போனாலும் தாங்கும்.

அவசரக் கட்டணம் இந்தப் பதினொரு பக்கத்துக்கு மட்டும். நாற்பது சதவீதம் என்று வைத்தோம். 3,330 சொல்லின் விலை 399.60, அதில் நாற்பது சதவீதம் 159.84. வாரக் கடைசி வேலை, பின்னாலிருந்து முன்னாலே போகும் சிரமம், அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லுக்கு ஒரு சதம் கூடுதல், எல்லாம் இதற்குள். முழு ஆவணத்துக்கும் அவசரக் கட்டணம் போட்டிருந்தால் 480 யூரோ கூடியிருக்கும், அவர்கள் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். தேவையில்லாத பக்கத்துக்கு அவசரக் காசு வாங்குவது நியாயமும் இல்லை.

அனுப்பிய விலைக்கடிதம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அனுப்பினாள். பாரிஸில் காலை ஏழரை. அலுவலகம் திறக்கும்போது முதல் கடிதமாக இருக்கட்டும் என்று. பிரெஞ்சில் அவள் எழுதியதன் சாரம் இது:

மூலம் 31 பக்கம், 9,990 சொல், மாதிரிப் பக்கங்களை எண்ணிக் கணக்கிட்டது, தொகை இதன்படி உறுதியானது, பிறகு மாறாது. சொல்லுக்கு 0.12 யூரோ, இரண்டாவது ஆளின் ஆங்கிலத் திருத்தமும் அட்டவணை அமைப்பும் உட்பட. முதல் பகுதி, 17 முதல் 27ஆம் பக்கம் வரை, திங்கட்கிழமை பாரிஸ் நேரம் 9 மணிக்கு, 40 சதவீத அவசரக் கட்டணத்துடன். மீதி அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பாரிஸ் நேரம் 10 மணிக்கு. மொத்தம் 1,360 யூரோ. தொடங்கும்போது முப்பது சதவீதம் முன்பணம், மீதி விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாளில், வங்கிப் பிடித்தம் அனுப்புபவர் பொறுப்பு. இந்தத் தவணைகள் இன்று பாரிஸ் நேரம் 12 மணிக்குள் சம்மதம் வந்தால் மட்டுமே செல்லும். விலை முழு ஆவணத்துக்கானது, ஏதேனும் பகுதியை நீக்கினால் புதிதாகக் கணக்கிடப்படும்.

சம்மதத்துக்கு நேரம் குறித்தது முக்கியம். மூன்று நாள் கழித்து ‘சரி’ என்று சொல்லிவிட்டு அதே திங்கட்கிழமையை எதிர்பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்மதம் என்றால் பிரான்சு வழக்கப்படி விலைக்கடிதத்தின் அடியில் ‘பொன் பூர் அக்கோர்’ என்று கையால் எழுதி, தேதியிட்டு, ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். போனில் சொன்ன ‘சரி’ போதாது.

எளிய பக்கங்களை நீக்கினால்

இரண்டு மணிக்குப் பதில் வந்தது. நடைமுறை வரலாறு, அதாவது முதல் ஆறு பக்கம், காப்பீட்டு நிறுவனத்திடம் ஏற்கனவே ஆங்கிலத்தில் இருக்கிறதாம். அதை விட்டுவிடலாம். 2,430 சொல், 12 சதம் வீதம் 291.60 யூரோவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அவள் சந்தோஷப்பட்டாள். “நல்லதுதானே அண்ணே, வேலை குறையுது.”

என் பார்வையில் இந்தக் கதையில் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 12 சதம் என்பது எந்தப் பக்கத்தின் விலையும் இல்லை. வேகமாக ஓடும் பக்கமும் தவழும் பக்கமும் கலந்த சராசரி. மூன்றாம் பக்கத்தில் மிச்சமாகும் நேரம்தான் பதினாலாம் பக்கத்தைத் தாங்குகிறது. அந்த ஆறு பக்கத்தின் உண்மையான செலவைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பு 5.4 மணி, திருத்தம் 2.4, சேர்த்து 7.8 மணி, 156 யூரோ. அக்காவுக்குக் கொடுக்க வேண்டியதில் 43 குறையும். ஆக 199. அவர்கள் கழிக்கச் சொன்னது 292. கிட்டத்தட்ட 93 யூரோ கடினமான பக்கங்களின் கூலியிலிருந்து போயிருக்கும்.

அதனால் 200 யூரோ குறைத்து, 1,160 என்று பதில் எழுதினாள். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். நீங்கள் நீக்குவது ஆவணத்தில் விரைவாக முடியும் பகுதி, மீதி இருப்பது கட்டட நுட்பமும் சட்ட ஆய்வும், விலை இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டது என்று. மூன்றரை மணிக்கு ஒப்பமிட்ட பிரதி வந்துவிட்டது. வக்கீல்களுக்கு இந்தக் காரணம் எளிதில் புரியும், அவர்களும் நேரத்தை விற்பவர்கள்தான்.

ஏஜென்சி வழியாக வேலை வந்திருந்தால் இதே கழிவு வேறு உருவத்தில் வந்திருக்கும். மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு, திரும்ப வரும் வாக்கியங்களுக்குப் பாதி விலை, சிலவற்றுக்குச் சும்மா என்று ஒரு பட்டியல் தருவார்கள். திரும்ப வருவதும் எளிய வாக்கியங்கள்தான். ஸ்கேனிலிருந்து வந்த எழுத்தில் அந்தப் பட்டியலையே நான் ஏற்பதில்லை. ஏழு ஒன்றாகியும் காற்புள்ளி புள்ளியாகியும் இருக்கும் உரையில் ‘ஒரே மாதிரி’ என்று மென்பொருள் சொல்வதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும்.

நடந்தது

முதல் பகுதி திங்கள் பன்னிரண்டரைக்குப் போனது, ஒரு மணி நேரம் மிச்சம். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மடிக்கணினியின் பேட்டரியிலும் அச்செடுத்து வைத்திருந்த சொற்பட்டியலிலும் ஓட்டினாள்.

நாங்கள் தப்பாகக் கணித்தது இரண்டு. அட்டவணைக்கு 4 மணி என்று போட்டதற்கு 6 ஆனது. பழுதுச் செலவில் ஒரு வரிசையின் கூட்டல் சரிவரவில்லை. மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் 7 480,00 என்பதை 1 480,00 என்று படித்திருந்தது. அதற்குப் பிறகு ஐந்து பக்கத்திலும் ஒவ்வொரு தொகையையும் படத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டாள். ஒவ்வொரு வரிசையையும் கூட்டியும் பார்த்தாள். ஆறாயிரம் யூரோ வித்தியாசத்தோடு அந்த அட்டவணை லண்டன் கூட்டத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஸ்கேன் ஆவணத்தில் அட்டவணையைச் சொல்லால் எண்ணக் கூடாது, மணியால்தான் விலை வைக்க வேண்டும் என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பப் பகுதிக்கு 18 என்று போட்டதற்கு 21 ஆனது. வேகம் கூடும் என்று நான் சொன்னது பாதிதான் பலித்தது. நிலவறை முடிந்து அடித்தளத்துக்குப் போனதும், இருக்கும் கட்டடத்தின் அடியில் புதிதாகத் தாங்கு வேலை செய்வது பற்றி மூன்று பக்கம், சொற்கள் எல்லாம் மறுபடி புதிது.

குறைந்த ஆவணத்துக்கு எதிர்பார்த்தது 42 மணி, ஆனது 47. வந்த 1,160 யூரோவில் அக்காவுக்கு 162, வங்கிக்கு 23 போக 975. மணிக்கு 20.74 யூரோ. மணிக் கணக்கு ஐந்து தப்பியும் அவள் வைத்திருந்த அளவுக்குக் கீழே போகாததற்கு அவசரக் கட்டணம்தான் காரணம். வியாழக்கிழமை இரவு பாதி எழுதியிருந்த 640 யூரோ பதில் போயிருந்தால், ஐம்பது மணிக் கணக்கிலேயே, அக்காவுக்கும் வங்கிக்கும் கொடுத்தது போக மணிக்கு 8.82 யூரோ நின்றிருக்கும், அதுவும் முடிக்க முடியாத தவணையோடு.

அதே அலுவலகத்திலிருந்து போன மாதம் பதினாலு பக்கம் வந்தது. கூரை நீர்க்காப்பு வழக்கு. இந்த முறை அவள் என்னை அழைக்கும் முன்பே மூன்று மாதிரிகளுக்கு நேரம் வைத்துப் பார்த்திருந்தாள். தொழில்நுட்பப் பகுதிக்கு மணிக்கு 225 என்று போடாமல், தன் நோட்டில் இருந்த 4,050 சொல்லையும் 21 மணியையும் வகுத்து 193 என்று போட்டிருந்தாள்.

“கூரைக்கு எப்படி ஓடும்னு தெரியலண்ணே. இந்த 193லயே வச்சுப் பாக்குறேன்,” என்றாள்.